இந்தக் கார் பின்னால் என்ன விலைக்குப் போகும்? ரீசேல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விலைக்கு வாங்கின ரெண்டு காரில் ஒன்று நல்ல விலைக்குப் போகிறது, இன்னொன்றை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். ஏன்?

பழைய கார் வாங்க வருகிறவர் மனதில் இரண்டு கணக்குதான் ஓடும். இதே மாதிரி வண்டியைப் புதிதாக எடுத்தால் இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்பது ஒன்று. வாங்கின பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு அழ வேண்டியிருக்கும் என்பது மற்றொன்று. முதல் கணக்கு விலையின் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, அந்த உச்சத்திலிருந்து எவ்வளவு கழிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் அன்றைக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பது அவருக்குத் தேவையே இல்லாத தகவல்.

ஒரு மாடல் விலை நிற்கிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டும் சாதகமாக இருக்கும். ஷோரூமில் அதற்குப் பெரிதாகத் தள்ளுபடி தர மாட்டார்கள், எனவே புது விலை இறங்காது. எந்த ஊர் மெக்கானிக்கும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவராக இருப்பார், எனவே பயம் இருக்காது. வருடக் கடைசியில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று ஷோரூமிலேயே தள்ளுபடி போகும் மாடலை எண்ணிப் பாருங்கள். அந்தத் தள்ளுபடி, சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடல் வண்டிகள் அத்தனையின் விலையிலும் கை வைத்துவிடும்.

இன்னோவாவுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு விலை?

ஏனென்றால் அதை வாங்குகிறவர்கள் குடும்பஸ்தர்கள் மட்டும் இல்லை. 2005-இல் குவாலிஸை நிறுத்திவிட்டு டொயோட்டா இன்னோவாவைக் கொண்டுவந்தது. லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பாடி, பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை, அவசரப்படாத டீசல் இன்ஜின். டிராவல்ஸ்காரர்கள் அதை எடுத்து மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஓட்டம்தான் அதற்கு விளம்பரம்.

சாதாரண ஒரு கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டதும் அதைக் கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். இன்னோவாவுக்கு அந்த இடத்தில்தான் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது பாதி ஆயுள்தான். ஆக, விலைக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது, அதற்குக் கீழே போக விடாமல் யாராவது ஒருவர் கை நீட்டிக்கொண்டே இருக்கிறார்.

2016-இல் இன்னோவா கிரிஸ்டா வந்தபோது புது விலை இன்னும் மேலே போனது. பத்து லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழு பேர் உட்காரவும் லக்கேஜ் வைக்கவும் டீசல் வண்டி வேண்டும் என்பவருக்குப் புதிதில் வழி அநேகமாக இல்லை. அவர் பழைய இன்னோவாவைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாடகை வண்டியாக டி போர்டில் ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றிய இன்னோவாக்கள் சந்தையில் நிறைய. வெள்ளை நம்பர் பிளேட்டைப் பார்த்து ஏமாறாமல் ஆர்.சி. விவரத்தை ஆரம்பத்திலிருந்து பாருங்கள். விலையில் நல்ல வித்தியாசம் இருக்க வேண்டும்.

மாருதி தகடு மெல்லிசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் உடனே விற்றுப்போகிறது?

தகட்டைப் பற்றிப் பேசுகிறவர் வேறு, முதல் கார் வாங்க நான்கு லட்சத்தோடு வருகிறவர் வேறு. அவருக்குத் தெரிந்த மெக்கானிக் மாருதியில்தான் தொழில் பழகியிருப்பார். கிளட்ச் செட்டோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ தாலுகா தலைநகர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைத்துவிடும். ஆல்டோ, வேகன்-ஆர், ஸ்விஃப்ட் மூன்றும் இதனால்தான் விற்காமல் நிற்பதில்லை.

இங்கே விலையைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது: விற்க எத்தனை நாள் ஆகும் என்பது. பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில், ஒரு வாரத்தில் போகும் ஸ்விஃப்டும் இரண்டு மாதம் நின்று போகும் வேறொரு காரும் காகிதத்தில் ஒரே விலை காட்டினாலும் கையில் வரும் பணம் வேறு.

கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டால் என் காருக்கு என்ன ஆகும்?

செய்தி வந்த வாரத்தில் விலை சரியும். பிறகு ஓரிடத்தில் வந்து நிற்கும். செவர்லே விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலை நம் கண் முன்னால் இருந்தும், அறிவிப்புக்குப் பிறகு ஃபிகோ வைத்திருந்தவர்கள் கேட்ட விலை கிடைக்காமல் தவித்தார்கள்.

உதிரிபாகம் அடியோடு நின்றுவிடுவது இல்லை. ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட் மாதிரி தேய்கிற சாமான்களை வெளி நிறுவனங்களும் செய்கின்றன. சிக்கல் ஹெட்லைட், பம்பர், கதவு, எலக்ட்ரானிக் யூனிட் போன்றவற்றில்தான். சின்ன இடி ஒன்று வாங்கினால் அந்த ஒரு பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கலாம். வாங்க வருகிறவர் கழிப்பது அந்தப் பயத்துக்குத்தான்.

அதே ஃபோர்டில் எண்டவர் அவ்வளவு அடி வாங்கவில்லை. அந்த அளவில், அந்த ஓட்டத்தில் மாற்று என்று பார்த்தால் ஃபார்ச்சூனர்தான், அதன் புது விலையோ எங்கோ இருக்கிறது. ஃபிகோவுக்குப் பத்து மாற்று உண்டு. கம்பெனி போனது இரண்டுக்கும் பொது, மாற்று இருக்கிறதா என்பதில்தான் விலை பிரிந்தது.

இப்போது வாங்கப்போகும் கார் ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இன்றைக்கு ஐந்து வயதான அதே மாடலைப் பாருங்கள். வருங்காலத்துக்கு அதைவிட நல்ல ஜாதகம் கிடையாது.

எட்டு லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்தவை, உங்கள் மாடலுக்கு நீங்கள் தேடிப் போட வேண்டும். பழைய கார் தளங்களில் அதே மாடல், அதே கியர் வகை, ஐந்து வருடம், தமிழ்நாட்டுப் பதிவு, சிங்கிள் ஓனர், ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று வடிகட்டுங்கள். பத்து விளம்பரமாவது வேண்டும். மிக அதிகமாகக் கேட்பதையும் மிகக் குறைவாகக் கேட்பதையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள். அது 5,30,000 என்று வருகிறது. அது கேட்கிற விலை, முடிகிற விலை அல்ல. பேரத்துக்கு ஐந்தாறு சதவீதம் விட்டால் 5,00,000.

இப்போது முக்கியமான படி. இந்த ஐந்து லட்சத்தை, அந்தக் காரின் அன்றைய விலையால் அல்ல, அதற்குச் சமமான வேரியன்ட்டின் இன்றைய புது விலையால் வகுக்க வேண்டும். 5,00,000-ஐ 8,00,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். இதுதான் அந்த மாடலின் பிடிமானம். ஐந்து வருடம் கழித்துப் புது விலை அப்படியே இருந்தால் உங்களுக்கு ஐந்து லட்சம். புது விலை பத்து சதவீதம் ஏறி 8,80,000 ஆகியிருந்தால் 5,50,000. இடையில் முழுசாகப் புது மாடல் வந்து உங்களுடையது 'பழைய ஷேப்' ஆகிவிட்டால் இதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கழிப்பது என்பதையும் சந்தையே காட்டும்: அந்த மாடலின் முந்தைய ஷேப் மாறிய வருடத்தில், மாறுவதற்கு முன் வந்த வண்டிக்கும் பின் வந்த வண்டிக்கும் இன்று என்ன வித்தியாசம் என்று பாருங்கள்.

பக்கத்து ஷோரூமில் இருக்கும் இன்னொரு காரையும் இதே கணக்கில் வைத்துப் பார்ப்போம். அது 7,40,000-தான், பிடிமானம் 48 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். முதல் காருக்கு வரி 1,04,000, இன்சூரன்ஸும் பதிவும் சேர்த்து ஒரு 46,000, ஆன்-ரோடு 9,50,000. இரண்டாவதற்கு அதே மாதிரி போட்டால் சுமார் 8,80,000. ஆக, வாங்கும்போது இரண்டாவது எழுபதாயிரம் லாபம்.

ஐந்து வருடம் கழித்து முதல் கார் ஐந்து லட்சத்துக்குப் போகிறது, கரைந்தது 4,50,000. இரண்டாவது 3,55,000-க்குப் போகிறது, கரைந்தது 5,25,000. விலை குறைந்த கார் எழுபத்தைந்தாயிரம் கூடுதலாகத் தின்றிருக்கிறது. முதல் காருக்காக அதிகம் போட்ட எழுபதாயிரத்துக்கு ஐந்து வருட வட்டி ஒரு முப்பதாயிரம் என்று கழித்தாலும் நாற்பத்தைந்தாயிரம் முதல் காருக்குச் சாதகம்தான். மாதத்துக்கு 750 ரூபாய். இரண்டாவது கார் உங்களுக்கு மனசுக்குப் பிடித்திருந்தால், அந்த 750 ரூபாயைக் கொடுத்துவிட்டு அதையே ஓட்டலாம் என்பது என் அபிப்பிராயம். ரீசேலுக்காகப் பிடிக்காத காரை ஐந்து வருடம் ஓட்டுவது கொடுமை.

ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கினேன், ஐந்து வருடம் ஓட்டி ஐந்து லட்சத்துக்கு விற்றேன். அப்படியென்றால் அது சூப்பர் கார்தானே?

கொஞ்சம் காரின் சாமர்த்தியம், மீதி காலத்தின் சாமர்த்தியம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, அதன் பிறகு சிப் தட்டுப்பாட்டில் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. புது விலை வருடா வருடம் ஏறியது. புது விலை ஏறினால் பழையதும் கூடவே ஏறும். அதனால் மோசமாக இறங்கியிருக்க வேண்டிய மாடல்கள்கூட அந்த வருடங்களில் மரியாதையான விலைக்குப் போயின.

காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முதல் நாள் ஏழு லட்சமாக இருந்த காரில் வரி போக 5,42,600 ரூபாய்தான் அடிப்படை விலை. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் சுமார் 6,40,000. ஒரே இரவில் அறுபதாயிரம் குறைந்தது. அதற்கு முந்தைய வாரம் அதே மாடலில் இரண்டு வயது வண்டி ஒன்று ஐந்தரை லட்சத்துக்குப் பேசப்பட்டிருந்தால், அதே பிடிமானத்தில் அது சுமார் 5,03,000 ஆகிவிடுகிறது. அந்த வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஓனரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதனால்தான் இன்றைய புது விலையால் வகுக்கச் சொன்னேன். அன்றைய விலையால் வகுத்தால், விலைவாசி ஏறின காலத்தின் அதிர்ஷ்டத்தை மாடலின் குணம் என்று நினைத்துக்கொள்வோம்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கிறதே, அதுதானே என் கார் விலை?

இல்லை. வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ தருவதற்கான தொகை அது. அதன் தேய்மான அட்டவணை எல்லா மாடலுக்கும் ஒன்றுதான்: ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம், இரண்டு வருடத்துக்குள் 20, பிறகு 30, 40, ஐந்தாம் வருடத்துக்கு 50. இன்னோவாவுக்கும் அதே 50, விற்பனை நின்றுபோன காருக்கும் அதே 50. ஐந்து வருடத்துக்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது.

பேரத்தில் வாங்குகிறவர் 'பாலிசியிலேயே நாலு லட்சம்தான் போட்டிருக்கு' என்று எடுத்துப் போடுவார். அது பேரப் பேச்சு, மதிப்பீடு இல்லை.

டாப் மாடல் எடுத்தால் ரீசேலில் அந்தப் பணம் திரும்பி வருமா?

பெரும்பகுதி வராது. புதிதில் அடிப்படை வேரியன்ட்டுக்கும் டாப்புக்கும் மூன்று லட்சம் வித்தியாசம் இருக்கும். ஆறு வருடம் கழித்து அது ஒரு லட்சமாகச் சுருங்கியிருக்கும். சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் சீக்கிரம் பழசாகிறவை, ரிப்பேர் பயத்தையும் கூட்டுபவை. பிடிமானம் அதிகம் இருப்பது நடு வேரியன்ட்டில்தான். ஏர்பேக், பவர் விண்டோ, பின் கேமரா இருக்கிறதா என்று கேட்பார்கள், அதற்கு மேல் காசு கொடுக்க யோசிப்பார்கள். வெளியில் மாட்டின அலாய் வீல், சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டல் கிடைக்கும். அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக் மட்டும் ஊரைப் பொறுத்தது. சென்னையில், கோவையில் கேட்டு வருகிறார்கள். சின்ன ஊரில் அதே வண்டி விற்காமல் நிற்கும், ஏனென்றால் அங்கே கியர்பாக்ஸைத் திறக்கிற ஆள் இல்லை.

என் காரைப் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்த்து விலையைக் குறைக்கிறார்கள்?

பழைய கார் வாங்கி விற்கும் அனுபவமுள்ள கன்சல்டிங் ஆள் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்பே பாதி விலையைப் போட்டுவிடுவார். பானெட்டைத் தூக்கி, அதைப் பிடித்திருக்கும் கீல் போல்ட்டுகளின் தலையைப் பார்ப்பார். ஸ்பேனர் பட்ட தடம், பெயிண்ட் உரிந்த விளிம்பு இருந்தால் பானெட் ஒரு தடவை இறங்கி ஏறியிருக்கிறது. அடுத்து கதவைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் ரப்பரை இழுத்துப் பார்ப்பார். உள்ளே தகட்டில் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் தெரிய வேண்டும். அவை காணாமல் போய் பட்டி பூசின மாதிரி வழவழப்பாக இருந்தால், கதவைத் தாங்கும் தூண் வரை அடி போயிருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் தயாரிப்பு வருடத்தையும் ஒப்பிடுவார். ஒன்று மட்டும் பிந்தைய வருடமாக இருந்தால் கேள்வி வரும்.

பம்பர் மாற்றியதற்கும் கதவில் டிங்கரிங் பார்த்ததற்கும் சில ஆயிரங்கள்தான் போகும். தூண், சேஸிஸ் அடி என்றால் லட்சத்தில் போகும், சில பேர் எழுந்தே போய்விடுவார்கள்.

அப்புறம் கிலோமீட்டர். வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். அதைவிடக் கூடினால் கழிப்பார்கள், ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படுவார்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறது, கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகியிருக்கிறது, ஸ்டியரிங் பளபளக்கிறது என்றால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே மருந்து, தேதியும் கிலோமீட்டரும் போட்ட சர்வீஸ் பில்கள். ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள், அலாய் வீலைவிட அதுதான் அதிகம் சம்பாதித்துத் தரும்.

டீசல் எடுக்கலாமா?

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறவருக்குப் பெரிய எஸ்.யூ.வி.யிலும் எம்.பி.வி.யிலும் டீசலுக்குத் தேவை இருக்கிறது, ரீசேலும் இருக்கிறது. சின்ன காரில் அந்தக் கதை முடிந்தது. மாருதியே 2020-இல் டீசலை விட்டுவிட்டது. பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் உண்டு. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம் ஓடின வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவர்களுக்கு இப்போது இது தெரிந்திருக்கிறது.

டெல்லி வண்டி ரெண்டு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. லாபம்தானே?

அந்த இரண்டு லட்சத்தில் ஒரு பகுதி இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரிக்குப் போகும், ஒரு பகுதி என்.ஓ.சி., மறுபதிவு அலைச்சலுக்கு. டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடுகளால்தான் அவை தெற்கே வந்தன. பதிவு மாற்றி முடித்த பிறகும் ஆர்.சி.யில் பூர்வீகம் இருக்கும். நீங்கள் விற்கும்போதும் அதைச் சொல்லித்தான் குறைப்பார்கள்.

எலக்ட்ரிக் காருக்கு இந்தக் கணக்கு செல்லுமா?

கணக்கு செல்லும், எண்கள் நிலையாக இருக்காது. 2024-இல் நெக்ஸான் இ.வி. விலையை டாடா அதிகபட்சம் 1,20,000 வரை குறைத்தபோது, ஏற்கெனவே வாங்கினவர்களின் வண்டியும் அன்றைக்கே விலை இறங்கியது. பேட்டரி மலிவாகிக்கொண்டே போகும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கலாம்.

ரிப்பேர் பயம் இங்கே முழுக்கப் பேட்டரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பரவலாகத் தரும் வாரண்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்த எட்டாவது வருடத்தை நெருங்கும் வண்டியைத் தொட ஆட்கள் தயங்குவார்கள். அதைவிட நீண்ட வாரண்டி என்றால் அது முதல் ஓனருக்கு மட்டுமா, கைமாறினாலும் தொடருமா என்று புத்தகத்தில் படித்துப் பாருங்கள். தொடராத வாரண்டிக்கு ரீசேலில் மதிப்பு இல்லை. ஐந்து வருடத்தில் விற்கப்போகிறவர் இ.வி.க்கு என் கணக்கில் வரும் தொகையிலிருந்து தாராளமாகவே கழித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் எரிபொருள் மிச்சத்தில் கட்டுப்படியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த வயதில் விற்றால் நஷ்டம் குறைவு?

முதல் வருடத்தில்தான் பெரிய அடி. அதனால் ஒரு வருடத்தில் விற்பது மோசம். ஐந்திலிருந்து எட்டு வருடம் வரை சரிவு நிதானமாக இருக்கும். பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் வாங்குகிறவருக்கு லோன் கிடைப்பது கஷ்டம், முழுப் பணம் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார். பதினைந்தில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான், எஃப்.சி., பசுமை வரி எல்லாம் சேரும். பதினான்காவது வருடம் விற்க வருகிறவரிடம் இந்தச் செலவு முழுவதையும் விலையிலேயே கழித்துவிடுவார்கள்.

கன்சல்டிங்கில் கொடுப்பதா, நேரடியாக விற்பதா?

மேலே போட்ட கணக்கில் வரும் ஐந்து லட்சம், ஓட்டுகிறவரிடமே நேராக விற்றால் கிடைப்பது. கன்சல்டிங்கோ ஆப் கம்பெனியோ அதில் அவர்களுடைய லாபம், பாலிஷ் வேலை, நிறுத்திவைக்கும் நாட்களின் வட்டி, லாபத்தின் மேல் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் எடுத்துக்கொண்டுதான் உங்களுக்கு விலை சொல்வார்கள். நாலரை லட்சம் என்றால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன், நாலு லட்சம் என்றால் எழுந்து வந்துவிடுவேன்.

நேரடியாக விற்றால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை பதிவில் இருப்பவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால் 2023 ஏப்ரல் முதல் படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவு செய்யலாம், அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. கொஞ்சம் விலை குறைந்தாலும் அந்தப் படிவத்தைப் போட்டுத் தருகிறவரிடம் கொடுக்கலாம். போட மாட்டேன் என்பவரிடம், பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்திவைக்க முடியாது, பணம் கொடுப்பது அவர்தானே. அதனால் வண்டிச் சாவி, ஒரிஜினல் ஆர்.சி., ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதின ரசீது மூன்றும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். பிறகு பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.